சைஸ் இருந்தால்தான் மாற்ற முடியும்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரோடு ஓயும். மழைக்கென்று வாங்கிப்போட்ட ரப்பர், பிளாஸ்டிக் செருப்புகளில் விற்காமல் நின்றவற்றைப் பொங்கலை ஒட்டித் தள்ளிவிடக் கடைக்காரர் நினைப்பார். அப்போதுதான் ‘மழைக்கால கிளியரன்ஸ், 50% வரை தள்ளுபடி, அனைத்து சைஸ்களும், எக்ஸ்சேஞ்ச் வசதி உண்டு’ என்று வாசலில் பேனர் ஏறும், வாட்ஸ்அப்பில் படம் சுற்றும். அந்த வாசகத்தில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது தள்ளுபடியை அல்ல, சைஸையும் எக்ஸ்சேஞ்சையும். ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்குப் பொருளில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் ஆண்களுக்கான மழைச் செருப்பு ஒரே மாடலில் 50 ஜோடி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். சைஸ் 5-இல் 14, 6-இல் 11, 7-இல் 3, 8-இல் 2, 9-இல் 4, 10-இல் 16. பெரும்பாலான ஆண்களின் கால் 7, 8, 9-க்குள் அடங்குவதால் அவை முதலிலேயே போய்விடும். இரு ஓரங்களும் தேங்கி நிற்கும். இந்தக் கடை ‘அனைத்து சைஸ்களும்’ என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் 8-ஆம் சைஸ்காரர்களில் மூன்றாவதாக வருபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் இதைத் தொடுகின்றன. சொன்ன விலைக்கு விற்கப் போதிய சரக்கு இல்லாமல் ஆளை இழுக்கக் கூடாது. சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். நிபந்தனைகளும் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் பெரிதாகத் தள்ளுபடியைப் போட்டுவிட்டு, கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடுவது சரியல்ல.

இனி எக்ஸ்சேஞ்சுக்கு வருவோம். 7 வாங்கிப் போனவருக்குக் கால் இறுக்குகிறது. மறுநாள் 8 கேட்டு வருகிறார். அதற்குள் 8 தீர்ந்துவிட்டது. ‘சைஸ் மாற்றித் தரப்படும்’ என்ற வாக்கு அங்கேயே செத்துவிடுகிறது. புது சரக்கு என்றால் மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைக்கலாம். கிளியரன்ஸ் சரக்குக்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது. அதனால் ‘சைஸ் இல்லையென்றால் என்ன’ என்பதையும் வாசகம் சொல்லியாக வேண்டும்.

பொருந்தாத சைஸும் குறையுள்ள செருப்பும் வேறு வேறு. சைஸ் மாற்றுவது கடை தரும் வாக்கு. வார் பிய்ந்தாலோ, அடிப்பாகம் பிரிந்தாலோ சட்டம் வருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. பில் தராததும் அப்படியே.

கிளியரன்ஸில் இந்தக் குறை வர ஒரு தனிக் காரணம் உண்டு. பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த சோல், போடாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும். நாலு நாள் நடந்ததும் பொடியாக உதிரும். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் பாருங்கள். சோலை வளையுங்கள், நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ, வெடிப்பு விட்டாலோ வேண்டாம்.

இத்தனையையும் நேர்மையாகச் சொல்ல நீண்ட அறிக்கை வேண்டியதில்லை. அந்த 50 ஜோடிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘மழைக்கால கிளியரன்ஸ். ஆண்கள் மழைச் செருப்பு ரூ.399, இப்போது ரூ.249. சைஸ் 5, 6, 10 தாராளம். 7, 8, 9 சில ஜோடிகளே. ஸ்டாக் உள்ளவரை. வெளியே போட்டு நடக்காத செருப்பை பில்லுடன் 7 நாளில் மாற்றலாம். உங்கள் சைஸ் இல்லையென்றால் வேறு மாடல் அல்லது பணம். தயாரிப்புக் குறைக்குப் பணம் வாபஸ்.’

8-ஆம் சைஸ்காரர் இதைப் படித்தால் முதலில் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவார். 10-ஆம் சைஸ்காரர் தைரியமாக வருவார். கடைக்காரர் தள்ளிவிட நினைப்பதும் அதைத்தானே.

வாங்குபவர் மாலையில் போவது நல்லது. பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், இறுக்கம் அங்கேயே தெரியும். இரண்டு காலிலும் போட்டுக் கடைக்குள் நடந்து பாருங்கள். பணம் கொடுக்குமுன், “அடுத்த சைஸ் இருக்கா? இல்லேன்னா காசு தருவீங்களா?” என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள். குறையுள்ள செருப்பைத் திரும்ப எடுக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அந்த பில்லோடு புகார் செய்யலாம்.