இருண்ட கண்ணுக்குள் ஒலி வரையும் கோடு

காலையில் கோலம் போடக் குனிந்தபோது இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது போல ஓர் ஒளிக்கீற்று. நிமிர்ந்து பார்த்தால் வானம் தெளிவாக இருக்கிறது. சிறிது நேரத்தில் அந்தக் கண்ணுக்கு முன்னால் நூலாம்படை தொங்குவது போலக் கறுப்பு இழைகள் ஆடத் தொடங்குகின்றன. மதியத்துக்குள் புகை சூழ்ந்து, எதிரில் நிற்கும் மகளின் முகமே தெரியவில்லை. வலி துளியும் இல்லை. சர்க்கரை நோய் இல்லாத 61 வயதுப் பெண்மணி ஒருவருக்கு இப்படி நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். கண் மருத்துவர்களுக்கு இது பழகிய கதைதான்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்க்கிறார் மருத்துவர். வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில் தெரிய வேண்டிய விழித்திரை தெரியவில்லை. செம்பழுப்பாக ஒரு கலங்கல் மட்டுமே தெரிகிறது. கண்ணின் உட்கூட்டை நிறைத்திருக்கும் விட்ரியஸ் என்ற கூழுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. எங்கிருந்து கசிந்தது என்பதுதான் இப்போது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வயதாக ஆக இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டு விலகும். பெரும்பாலோருக்கு இது தீங்கில்லாமல் நடந்து முடியும். சிலருக்கு மட்டும் கூழ் ஓரிடத்தில் விழித்திரையை விடாமல் பிடித்துக்கொண்டே சுருங்கும். அந்த இழுப்பை விழித்திரை உணர்வதுதான் மின்னல். இழுப்பு மிஞ்சினால் விழித்திரை கிழியும். கிழிசலின் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் ஓடினால் அதுவும் அறுந்து ரத்தம் கொட்டும். பிறகு நீர்த்த கூழ் அந்தக் கிழிசல் வழியாகப் பின்னால் நுழைந்து, ஈரம் புகுந்த சுவரின் சுண்ணாம்பைப் போல விழித்திரையைத் தூக்கிவிடும். தூக்கல் பார்வையின் மையப்புள்ளியை எட்டிவிட்டால், பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. ஆகவே 'ரத்தம் கரையட்டும், பிறகு பார்ப்போம்' என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பி-ஸ்கேன் வருகிறது. வயிற்றுக்குச் செய்யும் அல்ட்ராசவுண்டின் நெருங்கிய உறவுதான் இது. ஒளி கலங்கலில் பட்டால் சிதறிப்போகும். ஒலி அப்படித் தடுமாறுவதில்லை. ரத்தம் கலந்த கூழுக்குள்ளும் ஏறக்குறைய தண்ணீரில் போவது போலவே போகும். வயிற்று ஸ்கேனுக்கு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி போதும். கண்ணுக்கு வழக்கமாக 10 மெகாஹெர்ட்ஸ் பயன்படுத்துகிறார்கள். அதிர்வு கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. கண்ணின் ஆழம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர்தான் என்பதால் இந்த இழப்பு இங்கே பெரிதல்ல. கண்ணின் முன்னிருந்து புறப்பட்ட ஒலி பின்சுவரில் மோதித் திரும்பி வர ஒரு நொடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எதிரொலி எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு ஆழம். எவ்வளவு பலமாக வருகிறதோ அவ்வளவு வெண்மை. திரையில் தெரியும் படம் இவ்வளவுதான்.

இதற்கு வயது ஏறக்குறைய எழுபது. 1956-இல் மண்ட், ஹியூஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கண்ணுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வரைகோடாகப் பதிந்தார்கள். 1958-இல் பாம், கிரீன்வுட் இருவரும் அதைப் படமாக்கினார்கள். அப்போது கண்ணுக்கு முன்னால் தண்ணீரைத் தேக்கி, அதன் வழியாக ஒலியை அனுப்ப வேண்டியிருந்தது. 1970-களில் பிரான்சன் என்பவர் கையில் பிடித்து இமைமேல் வைக்கும் கருவியைக் கொண்டு வந்த பிறகுதான் இது அன்றாடப் பரிசோதனை ஆனது.

நம் பெண்மணியைப் படுக்க வைக்கிறார்கள். இமையை மூடச் சொல்லி, சில்லென்ற ஜெல்லைத் தடவி, கட்டைவிரல் பருமனுள்ள கருவியை மெல்ல வைக்கிறார் ஸ்கேன் எடுப்பவர்.

"கண்ணை மூடியே வச்சுக்கங்கம்மா. மூடினபடியே இடது பக்கம் பாருங்க."

"மூடிக்கிட்டு எப்படிப்பா பார்க்கிறது?"

"உள்ளுக்குள்ள கருவிழியை மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்க. அவ்வளவுதான்."

கருவியை நேர் நடுவில் வைத்தால் ஒலி கண் லென்ஸ் வழியாகப் போயாக வேண்டும். முற்றிய கண்புரை உள்ள லென்ஸ் ஒலியையும் ஓரளவு விழுங்கும், கொஞ்சம் வளைக்கவும் செய்யும். அதனால் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் நோயாளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கருவியை எதிர்ப்பக்கத்து வெண்விழிமேல் வைப்பார்கள். ஒலி லென்ஸைத் தொடாமல் குறுக்கே போய் எதிர்ச்சுவரில் மோதும். மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் இப்படித் தடவி முடித்தால்தான் ஸ்கேன் முடிந்தது. நடுவில் ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவதை ஸ்கேன் என்று நான் சொல்லமாட்டேன். கிழிசல்கள் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும், அதிலும் மேல்புற வெளி ஓரத்தில்.

திரையில் கறுப்பு வட்டம் ஒன்று தெரிகிறது. அது விட்ரியஸ். அதற்குள் மாவு தூவியது போலப் புள்ளிகள். அதுதான் ரத்தம். பின்னால் பளிச்சென்ற வெள்ளை வளைவு கண்ணின் பின்சுவர். விழித்திரை எங்கே? ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பருமனே உள்ள அது, சுவரோடு ஒட்டியிருக்கும்வரை தனியாகத் தெரியாது. பிரிந்து எழுந்தால்தான் தனிக்கோடாகத் தெரியும். இந்த ஸ்கேனில் விழித்திரை கண்ணில் படாமல் இருப்பதே நல்ல சேதி.

ஆனால் நம் பெண்மணியின் திரையில் ஒரு கோடு இருக்கிறது. பின்சுவருக்கு முன்னால், படகின் பாய் போல வளைந்து நிற்கிறது. பிரிந்த விழித்திரையா, விலகிய கூழின் மேல்தோலா? கூழின் தோலில் ரத்தம் படிந்துவிட்டால் அதுவும் தடித்த கோடாகத்தான் தெரியும். அசையாத படத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. பிரித்தறிய ஸ்கேன் எடுப்பவர் இரண்டு காரியங்களைச் செய்கிறார்.

முதலில், கருவியில் எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயின் என்ற அளவைக் குறைக்கிறார். மெல்லிய ரத்தப் புள்ளிகளைப் பார்க்க அதை 90 டெசிபல் அருகே வைத்திருந்தார். இப்போது படிப்படியாக 60 வரை இறக்குகிறார். புள்ளிகள் முதலில் மறைகின்றன. பின் அந்தக் கோடு மங்கி, துண்டு துண்டாகி, காணாமல் போகிறது. பின்சுவர் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. விழித்திரையாக இருந்திருந்தால் இந்த அளவிலும் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

அடுத்து, "மேல பாருங்கம்மா, கீழ பாருங்க, இப்ப அசையாம இருங்க" என்கிறார். கண் நின்ற பிறகும் அந்தக் கோடு, தண்ணீருக்குள் விட்ட மெல்லிய துணியைப் போல அலைந்துகொண்டே இருக்கிறது. விழித்திரை பார்வை நரம்பு நுழையும் இடத்திலும் முன்புற ஓரத்திலும் கட்டுண்டது. பிரிந்தாலும் அது விறைப்பாகக் கொஞ்சம் ஆடி நின்றுவிடும். முழுக்கப் பிரிந்தால் அந்த நரம்பை நுனியாகக் கொண்ட புனல் போல, ஆங்கில எழுத்து 'வி'யின் வடிவில் தெரியும். இங்கே கோடு நரம்பைத் தொடவே இல்லை. ஆக, இது கூழின் தோல்.

நரம்பைத் தொடுகிறதா என்ற ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நரம்பின்மேல் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கூழைக் கட்டிப்போட்டிருக்கும். அவர்களுக்குக் கூழின் தோலும் நரம்பில் ஒட்டி, விழித்திரையைப் போலவே வேடமிடும். இன்னொரு ஏமாற்று, பழைய ரத்தம். சில வாரங்களில் அது கீழே படிந்து தகடாகி, பளிச்சென்று விழித்திரை போலவே நிற்கும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தால் தகடு இடம் மாறுகிறதா என்பது தெரியும்.

சரி, விழித்திரை பிரியவில்லை. பெண்மணியை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அனுபவமுள்ள மருத்துவர் தயங்குவார். சர்க்கரை நோய் இல்லாமல், அடிபடாமல், மின்னல் தெரிந்து திடீரென்று ரத்தம் கசிந்தால், பின்னால் கிழிசல் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். சிறு கிழிசலை இந்த ஸ்கேன் தவறவிடும். நம் பெண்மணியின் ஸ்கேனிலும் மேல் வெளி ஓரத்தில், சுவரிலிருந்து சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. கூழின் இழை ஒன்று அதன் நுனியைப் பிடித்திருந்தது போலவும் இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் தலையணையை உயர்த்தி வைத்து, உட்கார்ந்த வாக்கில் தூங்கச் சொல்கிறார் மருத்துவர். ரத்தம் கீழே இறங்கினால் மேற்புறம் தெளியும். "மூணாம் நாள் கட்டாயம் வரணும். பக்கவாட்டுல திரை விழுற மாதிரி இருந்தா அன்னிக்கே வந்துடுங்க" என்றும் சொல்கிறார்.

மூன்றாம் நாள் அதே இடத்தில் கருவியை வைத்தார்கள். முள் இருந்த இடத்தில் இப்போது ஒரு குட்டை மேடு. கெயினை 60-க்கு இறக்கியும் கோடு மறையவில்லை. கண்ணை நிறுத்தச் சொன்னதும் சற்றே நடுங்கி நின்றுவிட்டது. விழித்திரை எழும்பத் தொடங்கிவிட்டது. பார்வையின் மையப்புள்ளி இருக்கும் பின்சுவர்ப் பகுதி இன்னும் ஒட்டியே இருந்தது. இதைக் கண்டுபிடித்த நேரம்தான் அவருக்கு முக்கியம். அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை செய்தால் மையப்பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு.

கண்புரை விஷயத்திலும் இதே கண்தான், கேள்விதான் வேறு. முற்றி வெள்ளையாகிப்போன புரைக்குப் பின்னால் விழித்திரை ஏற்கெனவே பிரிந்து கிடந்தால், புரையை எவ்வளவு நேர்த்தியாக எடுத்தாலும் பார்வை வராது. டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நோயாளியைக் காட்டச் சொல்லும் பழைய சோதனை இதை ஓரளவு சொல்லும். ஸ்கேன் அதைவிடத் தெளிவாகச் சொல்லும். குழந்தைக்கு வெள்ளைப் பாப்பா என்று தெரிந்து, அது கண்புரைதான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளில் இது இன்னும் அவசரம். உள்ளே ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி இருந்தால், அதன் சுண்ணாம்புப் படிவுகள் குறைந்த கெயினிலும் பளபளத்து, பின்னால் நிழல் வீழ்த்திக் காட்டிக்கொடுக்கும்.

கருவியை வைக்கவே கூடாத இடமும் உண்டு. கண் கிழிந்து திறந்திருக்கும் காயத்தில் இமைமேல் சிறு அழுத்தம் கொடுத்தாலும் உள்ளிருப்பவை வெளியே பிதுங்கிவிடலாம். முதலில் தையல், பிறகுதான் ஸ்கேன்.

நம் பெண்மணிக்கு விட்ரெக்டமி நடந்தது. ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுத்தார்கள். மேல் வெளி ஓரத்தில், ஸ்கேன் காட்டிய அதே இடத்தில், குதிரைலாட வடிவில் கிழிசல் இருந்தது. அதைச் சுற்றி லேசர் வைத்து, விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க உள்ளே வாயுவை நிரப்பினார்கள். வாயுவைத் தாண்டி ஒலி போகாது; இனிச் சில வாரங்களுக்குப் பி-ஸ்கேனால் பயனில்லை. வாயு மெல்லக் கரைந்து குமிழி சுருங்கச் சுருங்க, டம்ளர் தண்ணீரின் விளிம்பு போல ஆடும் ஒரு கோடு நாளுக்கு நாள் கீழே இறங்குவதை அவரே பார்ப்பார். அந்தக் கோட்டுக்கு மேலே முதலில் தெளிவது எதிரில் நிற்கும் மகளின் நெற்றி. கூழோடு கலங்கலும் போய்விட்டதால், இனி மருத்துவர் அந்த விழித்திரையை வெறும் விளக்கொளியிலேயே பார்த்துக்கொள்வார்.