வாயு மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பா, விலக்கலா? ஒரே எண்ணில் தெரிஞ்சுக்கலாம்

ஒரே அளவுள்ள மூன்று எஃகு உருளைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 2,494 கன சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர். மூன்றையும் 300 கெல்வினில், அதாவது 27 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒன்றில் ஒரு மோல் ஹீலியம், இன்னொன்றில் ஒரு மோல் நைட்ரஜன், மூன்றாவதில் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு அடைக்கிறோம். ஸ்கூலில் படித்த PV = nRT சமன்பாட்டைப் போட்டால் மூன்றிலுமே அழுத்தம் 10 பார் என்றுதான் வரும்.

ஆனால் நிஜ வாயு அப்படி இருக்காது. ஹீலியம் சுமார் 10.05 பார் காட்டும். நைட்ரஜன் 9.98. கார்பன் டை ஆக்சைடோ 9.5 பாருக்கு இறங்கிவிடும். ஒன்று கூடுகிறது, மற்ற இரண்டும் குறைகின்றன. ஏன்?

பழைய சமன்பாடு, மூலக்கூறுகளுக்கு உருவமும் கிடையாது, ஒன்றை ஒன்று கண்டுகொள்வதும் கிடையாது என்று வைத்துக்கொள்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வேலை செய்த காமர்லிங் ஓனஸ் 1901-ல் இதற்கு ஒரு திருத்தத் தொடரைக் கொடுத்தார்:

PV/RT = 1 + B/V + C/V² + ...

இங்கே V என்பது ஒரு மோலின் கன அளவு. B தான் இரண்டாம் விரியல் கெழு. இரண்டு இரண்டு மூலக்கூறுகளாகச் சந்திக்கும்போது நடப்பதை அது கணக்கில் எடுக்கிறது. C மூன்று மூன்றாகச் சந்திப்பதை. ‘விரியல்’ என்ற பெயர் விசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

300 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடின் B மதிப்பு மோலுக்கு சுமார் −122 கன சென்டிமீட்டர். அதை 2,494-ஆல் வகுத்தால் −0.049. அதாவது சுமார் 5 சதவீதக் குறைவு, 9.5 பார் வந்தது இப்படித்தான். நைட்ரஜனுக்கு B சுமார் −4.5, ஹீலியத்துக்கு +12.

சரி, இந்தப் பிளஸ், மைனஸ் எங்கிருந்து வருகிறது? ஒரு மூலக்கூறு இருக்கும் இடத்துக்குள் இன்னொன்று நுழைய முடியாது. அந்த இட இழப்பு B-யில் பிளஸ்ஸாகச் சேரும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஈர்ப்பு. அங்கே இன்னொரு மூலக்கூறு தற்செயலாக இருப்பதைவிட அதிகமாகவே தங்கும், இது மைனஸ். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவதுதான் B.

ஈர்ப்பினால் மூலக்கூறுகள் சுவரை மெதுவாக மோதுகின்றன, அதனால்தான் அழுத்தம் குறைகிறது என்று சிலர் விளக்குவார்கள். அது சரியில்லை. சராசரி வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. சுவர் பக்கத்திலும் அது மாறாது. ஈர்ப்பு மூலக்கூறுகளை உள்பக்கம் இழுப்பதால் சுவரை ஒட்டி இருக்கும் எண்ணிக்கைதான் குறைகிறது.

வாயுவைச் சூடாக்கினால் கதை மாறும். வேகமாகப் பறக்கும் மூலக்கூறுகளை ஈர்ப்பால் பிடித்து வைக்க முடியாது, ஆனால் அவற்றின் உருவம் அப்படியேதான் இருக்கும். 100 கெல்வினில் −160-க்குப் பக்கத்தில் இருக்கும் நைட்ரஜனின் B, 300 கெல்வினில் −4.5 ஆகிறது, 400 கெல்வினில் +9 ஆகிவிடுகிறது. நடுவே, சுமார் 327 கெல்வினில் அது பூஜ்ஜியத்தைக் கடக்கிறது. இதற்கு பாயில் வெப்பநிலை என்று பெயர்.

பூஜ்ஜியம் என்றதும் அங்கே விசையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஈர்ப்பும் விலக்கலும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுகின்றன, அவ்வளவுதான். ஹீலியத்தின் +12-உம் அப்படித்தான். அதன் பாயில் வெப்பநிலை 25 கெல்வினுக்கும் கீழே இருப்பதால், நம் அறை வெப்பத்தில் ஈர்ப்பு எடுபடுவதில்லை. ஈர்ப்பே இல்லையென்றால், இதே ஓனஸ் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கியிருக்கவே முடியாது!

B-ஐ அளக்க வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, ஒவ்வொரு அடர்த்தியிலும் PV/RT எவ்வளவு என்று வரைபடம் போடுவார்கள். அடர்த்தி மிகக் குறைவாக உள்ள முனையில் கோட்டின் சாய்வுதான் B. இதில் ஒரு சிக்கல் உண்டு. சில மூலக்கூறுகள் பாத்திரத்தின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போதும் அழுத்தம் குறையும், ஈர்ப்பு உள்ளதைவிட பலமாக இருப்பதுபோல B தப்பாக வரும். வேறு அளவுள்ள பாத்திரத்தில் திரும்ப அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: உண்மையான B பாத்திரத்தைப் பொறுத்து மாறாது.

B மட்டும் எல்லா இடத்திலும் போதாது. அதே கார்பன் டை ஆக்சைடை 27 டிகிரியில் 60 பாருக்கு அழுத்தினால், அது திரவமாகும் 67 பாரை நெருங்கிவிடும். அங்கே மூலக்கூறுகள் இரண்டு இரண்டாகச் சந்திப்பதோடு நிற்பதில்லை, கூட்டம் கூட்டமாகச் சேர்கின்றன. B-ஐ மட்டும் வைத்துப் போடும் கணக்கு அழுத்தத்தைத் தப்பாகவே சொல்லும்.