கான்கிரீட் கூடினால் ஆட்டம் அடங்குமா?

பிஸ்டன் கம்ப்ரஸர் ஆடுகிறது என்றால், அடியில் இன்னும் கொஞ்சம் கான்கிரீட் போடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். எந்திரத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு எடையில் அஸ்திவாரம் இருந்தால் போதும் என்ற பழைய கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் கான்கிரீட் சேரச்சேர ஆட்டம் அதிகமாகும் இடங்களும் உண்டு.

அதற்குக் காரணம் மண். கான்கிரீட் கட்டை மண்ணின் மேல் உட்கார்ந்திருப்பது, சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அதை அழுத்திவிட்டால் தனக்கே உரிய ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். இதுதான் இயல்பு அதிர்வெண். மண் விறைப்பாக இருந்தால் இது கூடும். எடை ஏறினால் குறையும். பிஸ்டன் தரும் உதைப்பும் இதே வேகத்தில் வந்துவிட்டால், ஒவ்வொரு உதையும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்து அதை வளர்த்துக்கொண்டே போகும். இதற்குப் பெயர் ஒத்ததிர்வு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் 5 டன் கம்ப்ரஸர், நொடிக்கு 10 முறை உதைக்கும். அதன் கீழே 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் 45 டன் கட்டை. அதை ஒரு மில்லிமீட்டர் அமிழ்த்த ஏறக்குறைய 49 டன் சுமை வேண்டும் என்ற அளவில் மண்ணின் விறைப்பு. அப்போது கட்டையின் இயல்பு அதிர்வெண், செங்குத்து ஆட்டத்தில், நொடிக்குச் சுமார் 15.6. உதைப்பின் விசை 2 டன் என்றால் ஆட்டம் 0.07 மில்லிமீட்டர்.

இப்போது உயரத்தை 3 மீட்டராக்குவோம். அடிப்பரப்பு அதேதான்; மண் கொஞ்சமும் விறைக்கவில்லை. எடை மட்டும் எந்திரத்தோடு சேர்த்து 95 டன் ஆகிவிட்டது. இயல்பு அதிர்வெண் 11.3-க்கு இறங்கி, எந்திரத்தின் 10-ஐ நெருங்குகிறது. ஆட்டம் 0.19 மில்லிமீட்டர்! மண் விழுங்கும் ஆற்றலைச் சேர்த்தால் இது குறையும் என்றாலும், காசைக் கொட்டி ஆட்டத்தை வாங்கியதுதான் மிச்சம். இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2974 இத்தகைய எந்திரங்களுக்கு வைத்திருக்கும் எல்லையே 0.2 மில்லிமீட்டர்தான்.

முதல் கட்டையும் குற்றமற்றதல்ல. பிஸ்டன் எந்திரத்தில் நொடிக்கு 20 முறை வரும் இரண்டாம் உதைப்பும் உண்டு; சிறியதுதான், ஆனால் 15.6 அதற்கும் அவ்வளவு தொலைவில் இல்லை. பைல் இறக்கி அதிர்வெண்ணை 20-க்கு வெகு மேலே ஏற்றலாம். அல்லது கட்டையையே எஃகு வில்கள்மேல் தாங்கி 3, 4 அளவுக்கு இறக்கலாம். எந்திரம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு கணம் குலுங்கும், அவ்வளவுதான்.

செலவுக்கு முன் அதிர்வுமானியை எந்திரச் சட்டத்திலும் கட்டையிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஆடினால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்கலாம். சட்டம் மட்டும் அதிகம் ஆடினால், பெரும்பாலும் நங்கூர போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது கிரவுட் உடைந்திருக்கும்.