ஒரு வீடு விடுபட்டால் என்ன விலை?

குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் விடுகிற நகராட்சிகளின் டெண்டர் ஆவணங்களில் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: 'பணியில் குறைபாடு காணப்பட்டால் ஆணையரின் விருப்பப்படி அபராதம் விதிக்கப்படும்.' படிக்கும்போது கண்டிப்பாகத் தெரியும். ஆனால் குறைபாடு என்றால் எது, அதை யார் பார்ப்பது, எவ்வளவு பிடிப்பது என்ற மூன்றுக்கும் அந்த வரியில் பதில் இல்லை. பதில் இல்லாத வரியை வைத்து அபராதம் போட்டால் ஒப்பந்ததாரர் நீதிமன்றம் போவார். போடாமல் விட்டால் தெருவில் குப்பை கிடக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

அபராதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், காசு எதற்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். சென்னையில் 2000ஆம் ஆண்டு ஓனிக்ஸ் நிறுவனம் மூன்று மண்டலங்களில் வேலையைத் தொடங்கியபோது, அள்ளிய குப்பையின் எடைக்குத்தான் பணம். டன்னுக்கு இவ்வளவு என்று தருவது கணக்குப் பார்க்க எளிது; எடை மேடைச் சீட்டு இருந்தால் பில் தயார். ஆனால் அந்த முறையில் எந்த ஒப்பந்ததாரருக்கும் குப்பை கனமாக இருப்பதுதான் லாபம். வீடு இடித்த கல்லும் மண்ணும் வண்டியில் ஏறினால் எடை கூடும். மழைநீரில் ஊறிய குப்பைக்கு இன்னும் நல்ல விலை. சந்துக்குள் இருக்கும் நாற்பது வீட்டு வாளிகளை எடுக்க ஆள் அனுப்புவதைவிட, பிரதான சாலையில் நிரம்பி வழியும் ஒரு தொட்டியைக் கவிழ்ப்பது லாபம். மக்கள் குப்பையைப் பிரித்துக் கொடுத்து, வீட்டிலேயே உரமாக்கினால் வருமானம் குறையும். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் எத்தனை அபராதப் பிரிவுகளைச் சேர்த்தாலும், பணம் ஒரு பக்கம் இழுக்கும், அபராதம் இன்னொரு பக்கம் இழுக்கும். 2020இல் சென்னையின் பல மண்டலங்களுக்குப் போடப்பட்ட புதிய ஒப்பந்தம் எடையை விட்டுவிட்டு, செயல்திறன் அளவீடுகளின்படி பணம் தரும் முறைக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

அளவீடுகள் என்றதும் முப்பது நாற்பது அம்சங்களை அடுக்கத் தோன்றும்: சீருடை, வண்டியின் பெயிண்ட், தொட்டி கழுவுதல், புகார் தீர்க்கும் நேரம் என்று. அத்தனையையும் மாதாமாதம் பார்த்து மதிப்பெண் போட எந்த நகராட்சியிலும் ஆள் கிடையாது. என் கருத்தில் ஐந்தாறு அம்சங்கள் போதும். அவற்றில் தலையாயது வீடு விடுபடுதல். அந்த ஒன்றை ஒழுங்காக எழுதிப் பார்த்தாலே மற்றவற்றை எழுதும் வழி பிடிபட்டுவிடும்.

கணக்குக்காக ஒரு நகராட்சியை வைத்துக்கொள்வோம். வீடும் கடையுமாக 30,000 கதவுகள். மாதக் கட்டணம் 45 லட்சம் ரூபாய். ஒரு கதவுக்கு மாதம் 150 ரூபாய். ஒரு நாள் வருகைக்கு 5 ரூபாய். ஒரு பேட்டரி வண்டி தினமும் 300 வீடுகளைப் பார்க்கிறது, அந்த வண்டிக்கும் ஆட்களுக்கும் சேர்த்து ஒரு நாள் செலவு 2,000 ரூபாய் என்று வைப்போம்.

இந்த ஊரின் டெண்டரில் 'ஒரு குறைபாட்டுக்கு 5,000 ரூபாய்' என்று எழுதியிருக்கிறது. ஒரு நாள் ஒரு வண்டி வரவே இல்லை. 300 வீடும் 300 குறைபாடு என்று எடுத்தால் அபராதம் 15 லட்சம், அதாவது ஒரே நாளில் மாதக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் மனம் வராது, போட்டாலும் நிற்காது. 'எச்சரிக்கப்பட்டது' என்று எழுதி கோப்பை மூடிவிடுவார்கள். வண்டி வராததை ஒரே குறைபாடு என்று எடுத்தாலோ, 5,000 ரூபாயோடு போயிற்று. எந்தக் கணக்கைப் பிடிப்பது என்பது அன்றைக்கு மேசையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

அதனால் அலகை முதலில் முடிவுசெய்ய வேண்டும்: ஒரு வீடு, ஒரு நாள். அதற்கு எவ்வளவு? வருகைக் கட்டணமான 5 ரூபாயை மட்டும் பிடித்தால் போதாது. 300 வீட்டுக்கு 1,500 ரூபாய்தான் போகும். வண்டியை நிறுத்தினால் மிச்சமாவதோ 2,000. அதாவது வராமல் இருப்பதே லாபம். 25 ரூபாய் என்று வைத்தால் 7,500 போகும். இது அதிகம்போலத் தெரியலாம், ஆனால் விடுபடுகிற எல்லா வீடும் கண்ணில் படுவதில்லை. மூன்றில் ஒன்றுதான் பிடிபடும் என்றால் உண்மையில் போவது 2,500. மிச்சமாகும் தொகையைவிட அது கொஞ்சம்தான் கூடுதல். அபராதத் தொகையை முடிவுசெய்யும் வழி இதுதான்: வேலையைத் தவிர்த்தால் எவ்வளவு மிச்சம், தவிர்த்தது பிடிபட எவ்வளவு வாய்ப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொகை தானாக வரும்.

இந்தக் கணக்கை எழுதிக் கோப்பில் வைத்திருப்பது சட்டத்துக்கும் உதவும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. இழப்பைத் துல்லியமாக நிரூபிப்பது கடினமான இடங்களில், இரு தரப்பும் முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்ட தொகையை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. அள்ளாத குப்பையால் நகரத்துக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்று யாரால் நிரூபிக்க முடியும்? மதிப்பிட்டதற்கான தாள்தான் நகராட்சிக்குக் கைகொடுக்கும்.

இனி, எது விடுபட்ட வீடு? காலை 11 மணிக்குள் அள்ளப்படாதது என்று நேரம் வேண்டும். தெரு தோண்டிக் கிடந்தது, முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, வாசல் பூட்டியிருந்தது போன்றவை கணக்கில் வராது என்று எழுத வேண்டும். ஆனால் அன்று 11 மணிக்குள் படத்தோடு பதிவு செய்திருந்தால் மட்டும். மாதக் கடைசியில் வந்து 'அன்றைக்கு மழை' என்றால் ஏற்க முடியாது. புகார் வந்து அன்று மாலைக்குள் அள்ளிவிட்டால் அபராதம் இல்லை. இந்தச் சலுகையைச் சிலர் இளக்காரம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்காரருக்குத் தேவை வாளி காலியாவது. சலுகை இருந்தால்தான் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வாதாடுவதை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்புவார்.

அளப்பதில்தான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் சரிகின்றன. ஜிபிஎஸ் பொருத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். வண்டி தெருவுக்குள் போனதை அது காட்டும்; நின்றதா, வாளியை வாங்கியதா என்று காட்டாது. வாசலில் கியூஆர் அட்டை ஒட்டி ஸ்கேன் செய்யச் சொன்னால், அட்டைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்து ஸ்கேன் செய்யலாம். இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஸ்கேன் நேரங்களைத் தெரு வாரியாக அடுக்கிப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் அறுபது வீடு முடிந்திருந்தால் அங்கே யாரும் நடக்கவில்லை. இன்னொரு அடையாளம்: புகார்கள் குவிந்துகொண்டிருக்க, மாத அறிக்கையில் அபராதம் தொடர்ந்து பூஜ்யமாக இருப்பது.

இயந்திரங்களோடு மனிதக் கண்ணும் வேண்டும். தினமும் கணினி குலுக்கலில் முப்பது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, 11 மணிக்குப் பிறகு வேறு வார்டின் சுகாதார ஆய்வாளர் போய்ப் பார்க்க வேண்டும். பட்டியல் முதல் நாளே தெரிந்துவிட்டால் அந்த முப்பது வீட்டு வாசல் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஆகவே அது காலையில்தான் வெளியாக வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆளும் கூடப் போகலாம். ஆட்சேபம் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், அதற்குப் பிறகு பதிவு இறுதியானது. இந்த வரி இல்லாத ஊர்களில், ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றிய சண்டையில் பில் தேங்கிக் கிடக்கும்.

அடுத்தது உச்சவரம்பு. அபராதம் மாதக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டாது என்று எழுதுவது வழக்கம். வரம்பே இல்லாவிட்டால், டெண்டர் போடுபவர்கள் அந்த ஆபத்தையும் சேர்த்து விலையை ஏற்றுவார்கள். நியாயம்தான். ஆனால் நம் ஊரின் கணக்கைப் பாருங்கள். பத்து சதவீதம் என்பது 4.5 லட்சம். 25 ரூபாய் வீதம் 18,000 விடுபடல்களில் அது தீர்ந்துவிடும். மாதத்தின் மொத்த வருகை 9 லட்சம். 18,000 என்பது அதில் இரண்டு சதவீதம். அதைத் தாண்டிய பிறகு அள்ளினாலும் அள்ளாவிட்டாலும் அபராதம் ஒன்றுதான். கெட்ட மாதத்தின் 20ஆம் தேதியில் வரம்பைத் தொட்டுவிட்ட ஒப்பந்ததாரருக்கு, மீதிப் பத்து நாள் டீசல் ஊற்ற எந்தக் காரணமும் இல்லை. எனவே வரம்போடு ஒரு படிக்கட்டும் இருக்க வேண்டும்: ஒரு முறை தொட்டால் எழுத்தில் திருத்தத் திட்டம், அடுத்தடுத்த மூன்று மாதங்களில் இரண்டு முறை தொட்டால் குறிப்பிட்ட வார்டுகளை நகராட்சியே எடுத்து நடத்தி, செலவை வங்கி உத்தரவாதத்திலிருந்து பிடிப்பது, அதற்கும் மேல் ஒப்பந்த ரத்து. ரத்து என்ற ஒரே ஆயுதத்தை மட்டும் வைத்திருந்தால், மறுநாள் குப்பையை யார் அள்ளுவது என்ற பயத்தில் அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் எந்தச் சமரசமும் இல்லாமல் எழுத வேண்டும். கம்பெனிக்குப் போட்ட அபராதம் பல இடங்களில் தூய்மைப் பணியாளரின் சம்பளத்தில் வந்து விழுகிறது. அந்தத் தெருவுக்கு வண்டி பழுதாகிப் போகாததற்கு, தள்ளிக்கொண்டு நின்ற அந்த அம்மாவின் ஒரு நாள் கூலி போகிறது. இது அநியாயம், வேலையையும் கெடுக்கிறது. பயந்துபோன பணியாளர்தான் பொய்யாக ஸ்கேன் செய்யத் தள்ளப்படுகிறார். அபராதத்தைப் பணியாளர் கூலியில் பிடிக்கக் கூடாது என்ற தடையும், ஒவ்வொரு பில்லோடும் அந்த மாதச் சம்பளம் வங்கியில் போட்ட பட்டியலும் பிஎஃப் சலானும் இணைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் டெண்டரில் இருக்க வேண்டும். மீறினால் தனி அபராதம், அதற்கு உச்சவரம்பு வேண்டாம்.

நகராட்சியும் தன் பங்குக்குக் கட்டுப்பட வேண்டும். நான்கு மாதப் பில்லை நிறுத்தி வைத்திருக்கும் அலுவலகம், டயர் மாற்றவில்லை என்று அபராதம் போட்டால் யார் மதிப்பார்கள்? தகராறு இல்லாத தொகை முப்பது நாளில் பட்டுவாடா, தாமதமானால் வட்டி, அபராதத் தகராறுக்காக முழுப் பில்லையும் நிறுத்தக் கூடாது என்று எழுதிவிட வேண்டும். முதல் மூன்று மாதம் வீடுகளையும் வழித்தடங்களையும் பதிவுசெய்யும் காலம். அப்போது விடுபடல்களை எண்ணலாம், பணம் பிடிக்க வேண்டாம். அந்த மூன்று மாத எண்ணிக்கை வந்த பிறகுதான் மூன்றில் ஒன்று பிடிபடும் என்ற நம் அனுமானம் சரியா, 25 ரூபாய் போதுமா என்று தெரியவரும். தொகையை ஒரு முறை திருத்த இடம் உண்டு என்பதையும், எந்த வாய்ப்பாட்டின்படி திருத்துவோம் என்பதையும் டெண்டரிலேயே அறிவித்துவிட்டால், பின்னால் யாரும் அதைப் பேரம் என்று சொல்ல முடியாது.