ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோர், மேல்படிப்புக்குப் போகும் மாணவர்கள், வேலை கிடைத்துச் செல்பவர்கள் என்று, முதன்முறையாக விமானம் ஏறுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டிக்கெட் போடும்போது இவர்கள் கண்ணில் முதலில் படுவது விலை, அடுத்தது தேதி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் லேஓவர், டிரான்சிட், செல்ஃப் டிரான்ஸ்ஃபர் போன்ற சொற்களைப் பெரும்பாலோர் நின்று படிப்பதில்லை. நடுவழியில் விமானம் தவறினால் யார் பொறுப்பு, பெட்டியை எங்கே எடுப்பது, இடையில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து துபாய் வழியாக இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு நவம்பர் மாதம் ஒருவர் போவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பயண விவரத்தாள், அதாவது ஐட்டினரரி, கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
12 NOV  MAA 03:50 - DXB 06:35
        Layover 2h 55m
12 NOV  DXB 09:30 - MAN 13:20
```

ஐட்டினரரியைப் படிக்கும் முறை

MAA சென்னை, DXB துபாய், MAN மான்செஸ்டர். உலகின் எல்லா விமான நிலையங்களிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டில் இந்த மூன்றெழுத்துக் குறிகள்தான் வரும். தான் போகும் மூன்று ஊர்களின் குறிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது நேரம். தாளில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். 03:50-க்குக் கிளம்பி 06:35-க்கு இறங்குவதைப் பார்த்து துபாய் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான தூரம் என்று நினைத்துவிடக் கூடாது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உண்மையில் பறப்பது நாலேகால் மணி நேரம். சென்னையில் கிளம்பி மான்செஸ்டரில் இறங்கும்வரை மொத்தம் 15 மணி நேரம் ஆகிறது.

இதைவிட முக்கியமானது தேதி. 12-ஆம் தேதி 03:50 என்றால் அது 11-ஆம் தேதி இரவு தூங்காமல் கிளம்ப வேண்டிய விமானம். மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால், 11-ஆம் தேதி நள்ளிரவுக்கே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 12-ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்களுக்கு அந்த விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும். இறங்கும் நேரத்தின் பக்கத்தில் +1 என்று இருந்தால், போய்ச் சேர்வது மறுநாள் என்று பொருள்.

முதல் விமானத்தைத் தவறவிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்கூட்டியே சொல்லாமல் முதல் விமானத்தில் ஏறாமல் விட்டால், அதே டிக்கெட்டில் உள்ள அடுத்த விமானமும், திரும்பி வரும் பயணமும்கூடப் பொதுவாக ரத்தாகிவிடும். சென்னை விமானம் போய்விட்டது, துபாய்க்கு வேறு வழியில் போய் அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம் என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. உடனே விமான நிறுவனத்திடம் பேச வேண்டும்.

லேஓவர்: காத்திருக்கும் நேரம்

ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்த விமானத்தில் ஏறும்வரை இடையிலுள்ள நேரம்தான் லேஓவர். சர்வதேசப் பயணத்தில் அது 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர் ஆகிவிடும். ஸ்டாப்ஓவரில் பெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த நாட்டுக்குள் போய்த் தங்க வேண்டியிருக்கும், அதற்கு விசாவும் தேவைப்படலாம்.

நம் பயணிக்கு லேஓவர் 2 மணி 55 நிமிடம். அத்தனையும் அவருக்குக் கிடைக்காது. விமானம் நின்று கதவு திறந்து வெளியே வரவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கியதும் Arrivals என்ற பலகையை விட்டுவிட்டு, Connections அல்லது Transfers என்ற பலகையைப் பின்தொடர வேண்டும். அங்கே கைப்பையை மறுபடியும் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டில் இருந்தால் அங்கேயே போய்விடும். பிறகு திரையில் கேட் எண்ணைப் பார்த்து நடக்க வேண்டும். துபாய் போன்ற பெரிய நிலையத்தில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ரயிலில் போக வேண்டியும் வரலாம். 09:30 விமானத்துக்கு 09:10 வாக்கில் கேட்டை மூடிவிடுவார்கள். ஆக, கையில் இருப்பது இரண்டேகால் மணி நேரம். முதன்முறை போகிறவருக்கு, வயதானவருக்கு, இது சரியான அளவு. ஒரு மணி நேர லேஓவரையும் விமான நிறுவனங்கள் விற்கின்றன. சென்னையில் அரை மணி தாமதமானாலும் அது போதாது.

ஐரோப்பா போகிறவர்கள் இன்னும் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ரோம் போனால், குடியேற்றச் சோதனை ரோமில் நடக்காது, ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடக்கும். ஷெங்கன் நாடுகளுக்குள் நுழையும் முதல் இடம் அதுதான். அந்த வரிசையில் நிற்கும் நேரமும் லேஓவரில்தான் கழியும். அமெரிக்காவில் உள்ளூர் விமானம் மாறுகிறவர்கள் முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்திலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பொதுவாகப் பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே மூன்று மணி நேரமாவது இருந்தால் நல்லது.

டிரான்சிட்: நாட்டுக்குள் நுழையாமல் கடப்பது

இடைநாட்டின் குடியேற்றக் கவுன்ட்டரைத் தாண்டாமல், நிலையத்தின் உட்பகுதியிலேயே இருந்து விமானம் மாறுவது டிரான்சிட். துபாயில் இப்படி மாறும் இந்தியருக்கு விசா தேவையில்லை. எல்லா நாடும் அப்படியல்ல. பிரிட்டன் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு, நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இந்த விதிகள் அவ்வப்போது மாறுகிறவை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். ஆவணம் குறைந்தால் சென்னை கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அபராதம் கட்ட நேரும் என்பதால் அங்கே கெஞ்சிப் பயனில்லை.

செல்ஃப் டிரான்ஸ்ஃபர்: மலிவின் விலை

இப்போது அதே பயணத்தை ஓர் இணையதளம் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்கள் அவையே, நேரமும் அதுவே. ஆனால் சென்னை–துபாய் ஒரு நிறுவனம், துபாய்–மான்செஸ்டர் வேறொரு நிறுவனம். ஓரத்தில் Self transfer என்று இருக்கிறது. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு டிக்கெட்டுகள் என்று அதற்குப் பொருள்.

இந்த இரண்டாவது பயணத்தில் பெட்டி துபாய் வரைதான் போகும். அதை எடுக்க வேண்டுமானால் குடியேற்றக் கவுன்ட்டரைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அமீரக விசா வேண்டும். எடுத்த பெட்டியோடு புறப்பாட்டுப் பகுதிக்குப் போய், அடுத்த நிறுவனத்தின் கவுன்ட்டரில் புதிதாக செக்-இன் செய்ய வேண்டும். சர்வதேச விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதாவது 08:30-க்கு மூடிவிடும். 06:35-க்கு இறங்கியவருக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. சென்னை விமானம் தாமதமாகி மான்செஸ்டர் விமானம் தவறினால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. அவர்கள் கணக்கில் இவர் வராத பயணி. அங்கேயே புது டிக்கெட் வாங்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் இதெல்லாம் நிறுவனத்தின் தலைவலி. முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்தது தவறினால், கூடுதல் கட்டணமில்லாமல் அடுத்து இடமுள்ள விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டால் போதும்.

எது ஒரே டிக்கெட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இணையதளம் தரும் முன்பதிவு எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு டிக்கெட்டை இணைத்து விற்றுவிட்டு ஒரே முன்பதிவு எண்ணைத் தருவதும் உண்டு. ஐட்டினரரியில் 13 இலக்கங்களில் இருக்கும் இ-டிக்கெட் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒருவருடைய இரண்டு விமானங்களுக்கும் ஒரே எண் இருந்தால் அது ஒரே டிக்கெட். ஒன்றின்கீழ் வேறு நிறுவனத்தின் பெயர் Operated by என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். விற்பவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர், டிக்கெட் ஒன்றுதான்.

போர்டிங்: ஏறும் நேரம் வேறு, கிளம்பும் நேரம் வேறு

சென்னை கவுன்ட்டரில் பெட்டியைக் கொடுத்ததும் வழக்கமாக இரண்டு போர்டிங் பாஸ் தருவார்கள், ஒன்று துபாய்வரை, மற்றது மான்செஸ்டர்வரை. கூடவே பெட்டிக்கான சிறிய ஒட்டுச்சீட்டும் தருவார்கள். அதில் கடைசி ஊராக MAN இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். DXB மட்டும் இருந்தால் நகராமல் கேட்க வேண்டும்: “பெட்டி மான்செஸ்டர் வரைக்கும் போகுதா சார்?”

போர்டிங் பாஸில் இரண்டு நேரங்கள் இருக்கலாம். Boarding time என்பது ஏறத் தொடங்கும் நேரம், Departure time விமானம் நகரும் நேரம். நம் பயணி கணக்கில் கொள்ள வேண்டியது முதலாவதை மட்டும். கிளம்பும் நேரத்துக்குக் கேட்டுக்குப் போனால் கதவு மூடியிருக்கும். கேட் எண் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு. பெரிய நிலையங்கள் பலவற்றில் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அரை மணிக்கொருமுறை திரையைப் பார்ப்பதுதான் வழி.

பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடமோ, டிக்கெட் போட்டுத் தரும் பிள்ளையிடமோ மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். இது ஒரே டிக்கெட்டா? பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போகுமா? இடையில் விசா வேண்டுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராத டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதல் பயணத்துக்கு அதை வாங்காதீர்கள்.