பிரசவ நேரத்தில் முதுகு பிளக்கும் வலி ஏன்? குழந்தை 'முதுகோடு முதுகாக' இருந்தால் என்ன செய்யலாம்?

தலைப்பிரசவம். ராத்திரி 11 மணிக்கு வலி ஆரம்பிக்கிறது. ஆனால் வயிற்றில் இல்லை, இடுப்புக்குக் கீழே முதுகில். "இது சூட்டு வலிதான்" என்று வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுக்கிறார்கள். வலி விடவில்லை. விடியற்காலையில் மருத்துவமனைக்குப் போனால், கர்ப்பவாய் 4 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. குழந்தையின் தலை கீழேதான் இருக்கிறது, ஆனால் முகம் வயிற்றுப் பக்கம் பார்த்திருக்கிறது.

இதைத்தான் 'முதுகோடு முதுகு' நிலை என்கிறார்கள்.

முதுகில் ஏன் இவ்வளவு வலி?

வழக்கமாகக் குழந்தையின் முகம் தாயின் முதுகைப் பார்த்து இருக்கும். இந்த நிலையில் அது மாறியிருப்பதால், தலையின் கெட்டியான பின்பகுதி தாயின் அடிமுதுகு எலும்பை அழுத்துகிறது. ஒவ்வொரு வலிக்கும் அழுத்தம் கூடும். இரண்டு வலிகளுக்கு நடுவிலும் முதுகுவலி முழுசாக விடாது.

பிரசவமும் மெதுவாகத்தான் நகரும். கர்ப்பவாய் முழுசாகத் திறக்கும் முன்பே முக்க வேண்டும் போலத் தோன்றலாம். அப்போது முக்கினால் கர்ப்பவாய் வீங்கிவிடும் என்பதால், நர்ஸ் சொல்லும் வரை மூச்சை ஊதி ஊதி விட வேண்டும்.

குழந்தை திரும்புமா?

பெரும்பாலான குழந்தைகள் பிரசவ வலியின்போதே தானாகத் திரும்பிவிடும். கர்ப்பப்பை கீழே தள்ளத் தள்ள, இடுப்பின் அடித்தசையில் தலை பட்டு, ஏறத்தாழ அரைவட்டம் சுற்றும். அதற்கு நேரம் வேண்டும்.

என்ன செய்யலாம்?

மல்லாக்கப் படுத்தால் முதுகில் பாரம் கூடும். அதற்குப் பதில் கையையும் முட்டியையும் ஊன்றி, யானை போலக் குனிந்து இருக்கலாம். பாரம் வயிற்றுப் பக்கம் இறங்குவதால் முதுகுவலி குறையும். குழந்தை கட்டாயம் திரும்பிவிடும் என்று ஆய்வுகள் உறுதி சொல்லவில்லை, ஆனால் வலி குறைவதைச் சொல்கின்றன.

அது முடியாவிட்டால் கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கலாம், மெதுவாக நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். வலி வரும்போது, கூட இருப்பவர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிமுதுகை அழுத்திப் பிடித்தால் நல்ல ஆறுதல் கிடைக்கும். வயிற்றை அமுக்கியோ உருவியோ குழந்தையைத் திருப்பப் பார்ப்பது ஆபத்து.

திரும்பாவிட்டால்?

கர்ப்பவாய் முழுசாகத் திறந்த பிறகு, டாக்டர் கையால் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். திரும்பாமலே, முகம் மேலே பார்த்தபடி சுகப்பிரசவம் ஆவதும் உண்டு. தலை இறங்காமல் நின்றாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு மாறினாலோ ஆயுதப் பிரசவம் அல்லது சிசேரியன் தேவைப்படும்.

முதுகுவலி விட்டுவிட்டு வந்து, நேரம் போகப் போக நெருங்கினால் அதைச் சூட்டு வலி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.