ஐந்தரை மணி நேரம் முந்திய கடிகாரம்

“அண்ணா, சர்வர்ல டைம் சரியாத்தான் இருக்கு. இப்பதான் பாத்தேன், பத்து மணி காட்டுது.”

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. சுவர்க் கடிகாரமும் பத்துதான் காட்டியது. அன்று காலை புதிதாக பூட் செய்த ஒரு விர்ச்சுவல் மெஷினில், ஊழியர்கள் உள்ளே நுழையும் லாகின் பக்கத்தை நிறுவியிருந்தோம். பாஸ்வேர்டு சரி, செல்போன் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் மட்டும் ‘தவறான குறியீடு’. வேறு வழியாக நுழைந்தவர்களுக்கு, நுழைந்த நொடியிலேயே ‘அனுமதி காலாவதி ஆகிவிட்டது’. செல்போனைக் குறைசொல்லி இருவர் செயலியை அழித்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தங்கை திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

```
$ date
Tue Jun 10 10:00:00 UTC 2025
```

எண்ணை மட்டும் படித்தால் சரிதான். பக்கத்தில் இருக்கும் மூன்று எழுத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யூடிசி என்பது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை பத்து என்றால் யூடிசி அதிகாலை நாலரை. அந்த மெஷினோ யூடிசியே பத்து என்று நம்பியது. அதாவது, அதன் கணக்கில் சென்னையில் அப்போது பிற்பகல் மூன்றரை மணி.

கம்ப்யூட்டருக்குள் மணி, நாள், மாதம் எல்லாம் உண்மையில் ஒரே எண்தான்: 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடிகள் ஓடியிருக்கின்றன என்ற எண்ணிக்கை. காலை பத்து மணிக்கு அது 1749529800 ஆக இருந்திருக்க வேண்டும். நம் மெஷினில் 1749549600. வித்தியாசம் 19,800 நொடி.

ஆறு இலக்க எண் பிறப்பது இந்த எண்ணிக்கையிலிருந்துதான். செல்போனிலும் சர்வரிலும் ஒரே ரகசியச் சாவி முன்கூட்டியே பதிவாகியிருக்கும். இரண்டும் நொடிக் கணக்கை முப்பதால் வகுத்து, வந்த ஈவையும் சாவியையும் கலந்து ஆறு இலக்கமாகச் சுருக்கும். இடையில் எந்தச் செய்தியும் போவதில்லை. இருபுறமும் கடிகாரம் ஒன்றாக இருந்தால் போதும், விடை ஒன்றாக வரும். செல்போனுக்கு வந்த ஈவு 58317660. மெஷினுக்கு 58318320. இரண்டுக்கும் நடுவே 660 படி. தட்டச்சு செய்யும் தாமதத்துக்காக ஒரு படி முன்பின் போனாலும் ஏற்றுக்கொள்வது வழக்கம். 660 படிக்கு அந்தச் சலுகை எட்டாது.

‘சலுகையைக் கூட்டிவிட்டால் என்ன?’ என்று ஒருவர் கேட்டார். கூட்டக் கூடாது. ஒரு படி முன்பின் என்றால், பத்து லட்சம் சாத்தியங்களில் எந்த நேரத்திலும் மூன்று எண்கள்தான் செல்லும். 660 படி வரை திறந்துவிட்டால் அறுநூறுக்கு மேற்பட்ட எண்கள் செல்லும். குருட்டாம்போக்கில் முயல்பவனுக்கு இருநூறு மடங்கு வசதி.

டோக்கன் விஷயமும் இதே கணக்குதான். லாகின் முடிந்ததும் வேறொரு சர்வர் ஒரு அனுமதிச் சீட்டு தருகிறது. அதில் `iat` என்ற இடத்தில் வழங்கிய நேரமும் `exp` என்ற இடத்தில் முடியும் நேரமும் நொடிக் கணக்கில் இருக்கும். ஒரு மணி நேரச் சீட்டு. ஆகவே முடிவு 1749533400. அந்தச் சர்வரின் கடிகாரம் சரியானது. சீட்டைச் சோதிக்கும் நம் மெஷின் தன் கடிகாரத்தைப் பார்த்தது: சீட்டு முடிந்து நாலரை மணி நேரம் ஆகிவிட்டது! கையெழுத்து சரி, ஆள் சரி. ஆனாலும் கதவு திறக்கவில்லை.

எங்களை வெகுநேரம் திசைதிருப்பியது சான்றிதழ்கள்தான். அந்த மெஷினிலிருந்து வெளித் தளங்களுக்குப் போனால் பாதுகாப்பான இணைப்பு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிடைத்தது. கடிகாரம் தவறு என்றால் சான்றிதழ் அல்லவா முதலில் அடிபட வேண்டும்? அப்படி இல்லை. சான்றிதழில் தொடக்கம், முடிவு என இரு தேதிகள் உண்டு. தொண்ணூறு நாள் செல்லும் சான்றிதழின் நடுவில் ஐந்தரை மணி நேரம் எங்கே தெரியப்போகிறது? நுனியில் இருந்தால்தான் தட்டும். ஆயுள் ஒரு மணி நேரமாக இருந்தாலோ முப்பது நொடியாக இருந்தாலோ அதே பிழை எல்லாவற்றையும் தின்றுவிடும். எனவே சான்றிதழ் ஒழுங்காக வேலை செய்கிறது என்பது கடிகாரம் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

கோளாறு எங்கிருந்து வந்தது? சாதாரண கம்ப்யூட்டரில் பேட்டரியோடு ஒரு சின்ன கடிகாரச் சில்லு உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் அது ஓடும். அதில் தேதியும் மணியும் இருக்கும். எந்த ஊர் மணி என்ற குறிப்பு இருக்காது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் யூடிசியை வைக்கும். இரண்டும் பழைய வழக்கங்கள். விர்ச்சுவல் மெஷினில் அந்தச் சில்லும் பாவனைதான். தாங்கி நிற்கும் நிஜக் கம்ப்யூட்டர் எதைச் சொல்கிறதோ, பூட் ஆகும்போது அதையே நம்பி எழும். நாங்கள் ஒரு விண்டோஸ் மெஷினின் அமைப்புக் கோப்பை நகலெடுத்து லினக்ஸுக்குப் பயன்படுத்தியிருந்தோம். அதில் இந்த ஒரு வரி அப்படியே வந்துவிட்டது:

```
<clock offset='localtime'/>
```

சில்லு ‘பத்து’ என்றது. லினக்ஸ் அதை யூடிசி பத்து என்று எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

வழக்கமாக இது ஒரு நிமிடம்கூட நிலைக்காது. லினக்ஸ் எழுந்தவுடன் நெட்வொர்க்கில் உள்ள நேர சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கேட்பது யூடிபி 123 என்ற வழியில். எங்கள் ஃபயர்வால் அதை மூடியிருந்தது. `timedatectl` என்று கேட்டபோது `System clock synchronized: no` என்ற வரி அத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்தது.

சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் மணி கேட்பதுதான் நேரான வழி. எந்த இணையதளமும் பதிலோடு தன் நேரத்தைப் பொது நேரத்திலேயே அனுப்பும். கடிகாரத்தைச் சந்தேகிக்கும்போது சான்றிதழை இழுக்காத சாதாரண http போதும்:

```
date -u
curl -sI http://example.com | grep -i '^date'
```

இரண்டு வரியும் ஓரிரு நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு மேலே 10, கீழே 4:30 என்று வந்தது. சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் இந்தியாவில் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். உள்ளூர் நேரமும் யூடிசியும் எங்கோ இடம் மாறியிருக்கின்றன.

கோப்பில் `localtime` என்பதை `utc` ஆக்கினோம். மெஷினுக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் இந்த மாற்றம் ஏறாது. முழுக்க அணைத்துவிட்டு மறுபடி எழுப்ப வேண்டும். ஃபயர்வாலில் 123-ஐயும் திறக்கச் சொன்னோம். ஆறு இலக்க எண் முதல் முயற்சியிலேயே ஏற்றது.

ஆனால் வேலை அங்கே முடியவில்லை. கடிகாரம் தவறாக இருந்தபோது, உள்வேலைக்கான ஒரு சான்றிதழை அந்த மெஷினே காலை பத்து மணிக்குத் தயாரித்திருந்தது. அதன் தொடக்க நேரம் யூடிசி பத்து, அதாவது நம் மூன்றரை மணி. கடிகாரம் சரியான பிறகு, அதைச் சோதித்த மெஷின்கள் எல்லாம் `certificate is not yet valid` என்றன. திருத்துவதற்கு முன் அந்த மெஷின் மட்டும் அதைக் குறையில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் மூன்றரைக்குத் தானாகச் சரியாகியிருக்கும். ஏன் பழுதானது, ஏன் சரியானது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அழித்துவிட்டுப் புதிதாகத் தயாரித்தோம்.